இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரல்

பெங்களூரின் வடகிழக்கே, காக்ஸ் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் அண்டையில், லிங்கராஜபுரம் என்னும் பகுதி உண்டு. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் இடம் அது. கோலார்த் தங்கச் சுரங்கங்கள் 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் மூடப்பட்டபின், அங்கு உழைத்து ஓய்ந்தவர்கள் சிலரும் இப்பக்கம் குடிவந்தனர். அவர்கள் வாழ்வைச் சிறியதொரு செய்திப்படமாக எடுத்துவைக்கவேண்டும் என்று நண்பர்கள் சிலர் கூடி முடிவு செய்தோம். படம் எடுக்கப்பட்டது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வர்ணனைக்குக் குரல் தந்தார், கன்னட இளைஞர் ஒருவர் படத்தைத் தொகுத்தார். அவருக்குத் தமிழ் பேசினால் விளங்கும். எழுத்து வாசிக்க வராது.

ஒரு மாலை அக்கம்பக்கத்தாரை அழைத்துப் படத்தைக் காட்டினோம். திரையில் ஒரு பெரியவரின் முகம் தோன்றியது. அவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருந்தார். அம்முகம் திரையில் நிற்கும்போதே, "பாறை வெடித்ததில் மாண்டோர் பலர்" என்று குரல் ஒலித்தது. பெரியவரின் மகள் திடுக்கிட்டுத் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டார். பெரியவரோ எழுந்து நின்று, "தம்பி, நான் இன்னும் இருக்கிறேன்" என்றார். சபையில் சிலர் நகைத்தனர். எங்களுக்கு நகைப்பு வரவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? குரல் தந்த அம்மையார் ஒரு சொல்லும் தவறாகப் படிக்கவில்லை. தொகுத்த இளைஞரும் ஒரு காட்சியையும் இடம் மாற்றவில்லை. இருவரும் தத்தம் தாளை அப்படியே பின்பற்றினர். பிழை தாளில் இருந்தது. அந்தத் தாளின் வரலாற்றையும் அதன் அமைப்பையும் சற்று விரிவாகக் காண்போம்.

பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இடப்பக்கம் கண்ணுக்குரியதையும் வலப்பக்கம் செவிக்குரியதையும் எழுதும் முறை செய்திப்படத்திற்கும் தொலைக்காட்சிக்கும் இன்று பொதுவானது. கதைப்படங்களுக்கு அம்முறை எல்லா இடத்திலும் வேரூன்றவில்லை. பிரெஞ்சுத் திரைத்துறையில் காட்சியையும் ஒலியையும் இரு பத்தியாக எழுதும் வழக்கம் இருந்ததுண்டு. ஹாலிவுட்டிலோ கதைப்படத்தின் உரை ஒரே பத்தியாகவே இன்றளவும் எழுதப்படுகிறது. இந்த வேற்றுமைக்குக் காரணம் உண்டு. 1931 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் நாள் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்த் திரை பேசத் தொடங்கியது. அக்காலப் பேசும் படத்தில் நடிகர் வாய் திறக்கும்போதே படமும் பிடிக்கப்பட்டது, குரலும் பதிவாயிற்று. இரண்டும் ஓரிடத்தில், ஒரு கணத்தில் பிறந்தன. ஆகவே இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் போதுமாயிற்று.

செய்திப்படத்தின் கதை வேறு. அங்குப் படம் ஓரிடத்தில் பிறக்கிறது. குரல் வேறோர் இடத்தில், பல மாதங்கள் கழித்தும் பிறக்கிறது. ஒருவரை ஒருவர் காணாத இருவர் ஒரே பொருளைச் செய்யவேண்டியிருக்கிறது. அந்த இருவருக்கும் இடையே நிற்கும் ஒரே சாட்சி எழுத்துத் தாள்தான். இரு பத்தி வடிவின் தேவை இப்பிரிவினையிலிருந்து எழுவது.

இப்பிரிவினை எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்குத் தமிழர் ஒருவரின் முயற்சியே தக்க சான்று. கோட்டையூரில் 1911 இல் பிறந்த ஏ. கே. செட்டியார், 1937 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளைப் பற்றிய முழுநீளச் செய்திப்படம் ஒன்றை உருவாக்கும் எண்ணங்கொண்டார். அடிகளை அதுவரை உலகின் பல பாகங்களிலும் பலர் படம் பிடித்திருந்தனர். அத்துண்டுகளைத் தேடிக் கண்டங்கள் தோறும் அலைந்து, சுமார் 50,000 அடி படச்சுருள் திரட்டினார். அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து தொகுத்து, தமிழ் வர்ணனையோடு 1940 ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 ஆம் நாள் சென்னையில் வெளியிட்டார். பின்னர் தெலுங்கு வர்ணனையோடும், 1947 இல் இந்தி வர்ணனையோடும், 1953 இல் அமெரிக்காவில் ஆங்கில வர்ணனையோடும் அப்படம் உருப்பெற்றது. இம்முயற்சியின் வரலாற்றை அவரே 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலில் எழுதியுள்ளார்.

இங்கே அளவுகளைக் கவனிக்கவேண்டும். பேசும் படச்சுருள் வினாடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. 35 மில்லிமீட்டர்ச் சுருளில் ஓர் அடி நீளத்திற்கு 16 படங்கள். எனவே வினாடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்திற்கு 90 அடி. செட்டியார் திரட்டிய 50,000 அடி இக்கணக்கில் ஒன்பது மணி நேரத்திற்கும் அதிகம். தேர்ந்தெடுத்த 12,000 அடி, இரண்டு மணி பதின்மூன்று நிமிடம். அதாவது, கையில் இருந்ததில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே திரைக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரப் படத்தில் பேசுவோர் அனைவரும் படம் பிடித்தவர்கள் அல்லர். படத்தில் உள்ளவர்களும் அல்லர். பின்னால் எழுதி, பின்னால் படித்த வர்ணனையே கதையை நடத்திச் சென்றது. வர்ணனையின் மொழி நான்காயிற்று.

படத்தொகுப்பாளரின் அளவுகோல் அடி. வர்ணனை படிப்பவரின் அளவுகோல் மூச்சு. பன்னிரண்டு அடி நீளமுள்ள காட்சி என்றால் தொகுப்பாளருக்குப் பொருள் புரியும். படிப்பவருக்கோ அது வெற்று எண். 'இரண்டு வாக்கியம்' என்றால் படிப்பவருக்கு விளங்கும். தொகுப்பாளருக்கு அதில் நீளம் தெரியாது. பன்னிரண்டு அடியே எட்டு வினாடி, எட்டு வினாடியே இவ்வளவு சொல் என்று இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்துவதே இரு பத்தித் தாளின் வேலை. நகரத்தார் கணக்கேட்டில் பற்றும் வரவும் எதிரெதிரே நிற்பது போன்றது இது. பற்று ஒரு நாளிலும் அதற்குரிய வரவு வேறொரு நாளின் வரியிலும் ஏறிவிட்டால், தொகை சரியாயிருந்தும் ஏடு பொய் சொல்லும்.

1948 இல் மத்திய அரசின் திரைப்படப் பிரிவு பம்பாயில் தொடங்கப்பட்டபின், இவ்வேலை நாட்டளவில் விரிந்தது. திரையரங்கில் முதன்மைப் படத்திற்கு முன் அரசின் செய்திப்படம் காட்டப்படவேண்டும் என்பது அந்நாளில் கட்டாயம். சென்னையிலும் மதுரையிலும் அமர்ந்திருந்தோர் பம்பாயில் பதிவான தமிழ் வர்ணனையைக் கேட்டனர். ஒரே படம், ஒரே பின்னணி இசை. குரல் மட்டும் மொழிக்கு மொழி மாறியது. இவ்வேற்பாட்டில் படம் கல்லில் செதுக்கியது போன்றது. தமிழுக்காக ஒரு வினாடியும் நீளாது. மொழிபெயர்ப்பவர் தம் வாக்கியத்தைத்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். அப்பிரிவு 2022 இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

பின்னர் 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டு, செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பும் சோதனை ஒன்று நம் நாட்டில் நடைபெற்றது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்கள் அதில் பங்குகொண்டன. கர்நாடகத்தில் குல்பர்கா, ராய்ச்சூர், பிஜாப்பூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அச்செயற்கைக்கோள் ஒரு படத்தடத்தோடு இரண்டு ஒலித்தடங்களைச் சுமந்தது. ஒரே படத்தை இரு மொழியில் ஒரே வேளையில் கேட்கச் செய்ய முடிந்தது. இதைச் சிந்தித்துப் பாருங்கள்: இங்குப் படத்தைத் தொகுப்பவர் ஒருவர், குரல் தருவோர் இருவர், அவர்கள் தாய்மொழியும் வேறு வேறு. இம்மூவரும் ஒரே தாளை ஒரே விதமாகப் படித்தாலன்றி ஒரு சிற்றூரில் ஏரைக் காட்டும்போது மற்றொரு சிற்றூரில் எருவைப் பற்றிக் கேட்பார்கள்.

அப்படியாயின், தமிழ் வர்ணனைக்கு இத்தாள் ஏன் தனிக் கவனம் கேட்கிறது? தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வருகிறது. இடமும் காலமும் அதற்கு முன்னே அடுக்கி வருகின்றன. ஆங்கிலத்தில் எழுதிய வர்ணனையைப் பொருள் கெடாமல் தமிழாக்கினாலும், சொற்கள் வரும் வரிசை புரண்டுவிடுகிறது. முதல் காட்சிக்குரிய சொல் மூன்றாம் காட்சியிலும், மூன்றாம் காட்சிக்குரிய சொல் முதல் காட்சியிலும் போய் விழும். இலக்கணப்படி வாக்கியம் சரி, திரைப்படி தவறு.

எங்கள் படத்திலிருந்தே ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். காவிரி சிவசமுத்திரத்தில் இரு கிளையாகி வீழ்கிறது. அந்நீரால் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார்த் தங்கச் சுரங்கங்களுக்கு 1902 இல் கம்பி வழியே அனுப்பினர். 1905 இல் பெங்களூர்த் தெருவிளக்குகளும் அம்மின்சாரத்தால் எரிந்தன. எங்களிடம் நான்கு காட்சிகள் இருந்தன: அருவி, வயல்வெளியில் மின்கம்பங்கள், சுரங்கத்தின் கோபுரம், ஒரு பழைய தெருவிளக்கு. ஒவ்வொன்றும் ஆறு வினாடி.

முதலில் எழுதிய வர்ணனையில் மூன்றாம் காட்சிக்கு இவ்வாறு இருந்தது: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டாம் ஆண்டில் அந்த மின்சாரம் கோலார்த் தங்கச் சுரங்கத்தை வந்தடைந்தது." இதில் குறை என்ன? வாய்விட்டுச் சொல்லி ஒலிக்கூறுகளை எண்ணிப் பாருங்கள். ஆ, யி, ரத், துத் என்று எண்ணிக்கொண்டே போனால் முப்பத்திரண்டு வரும். நிதானமாகப் படிக்கும் எங்கள் அம்மையாரின் குரல் வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து கூறு சென்றது. எனவே இவ்வாக்கியத்திற்கு ஆறரை வினாடி வேண்டும். காட்சியோ ஆறே வினாடி. மிச்சம் அடுத்த காட்சியில் வழிந்து, தெருவிளக்கின்மேல் "அடைந்தது" என்று விழும். அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. 'கோலார்' என்னும் சொல் இருபதாவது கூற்றில் வருகிறது. சுரங்கக் கோபுரம் திரையில் தோன்றி நான்கு வினாடி வரை, பார்ப்பவர் அது என்ன என்று அறியார். அறியும்போது காட்சி முடியப்போகிறது.

ஆண்டைக் குறிக்கும் எண்ணையும் நோக்குங்கள். 1902 என்று தாளில் எழுதினால் நான்கே குறிகள். 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டில்' என்று சொன்னால் பன்னிரண்டு ஒலிக்கூறு. இரண்டரை வினாடி பறந்துவிடும். தாளில் சிறுத்திருப்பது வாயில் பெருக்கிறது. தொகுப்பாளர் எண்ணைக் கண்டு இடம் போதும் என நினைப்பார். படிப்பவர் இடம் போதாமல் மூச்சு வாங்குவார். ஒருவர் 'ஆயிரத்துத் தொள்ளாயிரம்' என்றும் மற்றொருவர் 'பத்தொன்பது நூறு' என்றும் படித்தால், நீளமும் மாறும். ஆகவே ஒலிப் பத்தியில் எண்ணை இலக்கத்தில் எழுதலாகாது. சொல்லவேண்டிய விதமாகவே எழுத்தில் எழுதவேண்டும். கீழ்க்கண்டவாறு அப்பகுதியைத் திருத்தி எழுதினோம்.

| காட்சி | ஒலி |
|---|---|
| 21. 0 முதல் 6 வினாடி. அருவி, தொலைவிலிருந்து. நீரோசை கேட்கவேண்டும். | சிவசமுத்திரம். காவிரி இங்கே இரண்டாகப் பிரிந்து வீழ்கிறது. |
| 22. 6 முதல் 12 வினாடி. வயல்வெளி, மின்கம்ப வரிசை. | வீழ்ந்த நீர் மின்சாரமாயிற்று. கம்பி வழியே புறப்பட்டது. |
| 23. 12 முதல் 18 வினாடி. சுரங்கத்தின் கோபுரம். | கோலார்த் தங்கச் சுரங்கம். மின்சாரம் இங்கு வந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டில். |
| 24. 18 முதல் 24 வினாடி. பழைய தெருவிளக்கு, மாலை. | மூன்றாண்டுகளுக்குப் பின், பெங்களூர்த் தெருவிலும் விளக்கு எரிந்தது. |

மூன்றாம் காட்சியின் வர்ணனை இப்பொழுது இருபத்தேழு கூறு. ஐந்தரை வினாடிக்குள் அடங்கும். முதல் ஒன்றரை வினாடியிலேயே சுரங்கத்தின் பெயர் வந்துவிடுகிறது. நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைத்து, காட்சியின் பெயரை முன்னே தனியாக நிறுத்தினோம். ஆண்டை இறுதிக்குத் தள்ளினோம். அருவிக் காட்சியில் இருபத்திரண்டு கூறே உள்ளது. எஞ்சிய ஒன்றரை வினாடியில் நீரோசை தானே பேசும். வாக்கியம் எதுவும் வரிசையின் எல்லையைத் தாண்டவில்லை என்பதையும் கவனியுங்கள். காட்சி மாறும் இடத்தில் வாக்கியமும் முடிகிறது. பின்னர்த் தொகுப்பாளர் ஒரு காட்சியை எடுத்துவிட நேர்ந்தால், அதற்குரிய வாக்கியத்தை முழுதாகக் கழற்றலாம். பாதி வாக்கியம் தொங்கி நிற்காது.

இத்தாளில் மற்றொரு கட்டுப்பாடும் இருக்கிறது. வலப்பத்தியில் வாய் சொல்லவேண்டியதைத் தவிர வேறெதுவும் இல்லை. 'நீரோசை கேட்கவேண்டும்' என்பது செவிக்குரிய செய்திதான்; ஆயினும் அது தொகுப்பாளருக்குச் சொல்லும் குறிப்பாதலால் இடப்பக்கம் நிற்கிறது. 'மெதுவாக', 'துயரத்தோடு' என்னும் குறிப்புகளை அடைப்புக்குறிக்குள் வலப்பக்கம் எழுதினால், புதிதாகக் குரல் தருபவர் அதையும் சேர்த்துப் படித்துவிடுவதுண்டு. எதைப் படிப்பது, எதை விடுவது என்று படிப்பவர் ஒவ்வொரு வரியிலும் தீர்மானிக்கவேண்டிய நிலை இருக்கலாகாது. வலப்பக்கம் இருப்பதெல்லாம் படிக்க. இடப்பக்கம் இருப்பது எதுவும் படிக்க அன்று. இந்த ஒரு விதி உறுதியாயிருந்தால், தமிழ் வாசிக்க வராத தொகுப்பாளரும் வலப்பத்தியின் நீளத்தைக் கொண்டே பேச்சின் நீளத்தை மதிப்பிடலாம்.

இடப்பெயர் உச்சரிப்பும் இடப்பக்கத்திற்குரிய குறிப்பே. தமிழ் எழுத்தில் வல்லினத்திற்கு ஒவ்வொரு வடிவமே உண்டு. ஒலி இடத்தால் மாறுகிறது. தமிழ்ச் சொல்லாயின் நாக்கு தானே அறிந்துகொள்ளும். கன்னட நாட்டு ஊர்ப்பெயராயின் அறியாது. சிவசமுத்திரத்தில் ஓர் அருவிக்குக் ககனச்சுக்கி என்று பெயர். எழுத்தைக் கண்டவர், 'கடல்' என்பதில் வரும் முதலெழுத்தைப்போல் வல்லொலியாகத் தொடங்குவார். கன்னடர் 'கங்கை' என்பதன் முதலெழுத்தைப்போல் மெல்லத் தொடங்குவர். பங்காரப்பேட்டையின் முதற் பகரமும் அத்தகையதே; 'பாரதி' என்பதைச் சொல்வதுபோல் சொல்லவேண்டும். இங்கு வாழும் நம் காதுக்கு இது பழக்கம். ஆனால் சென்னையிலோ திருச்சியிலோ இருந்து ஒருவர் குரல் தந்தால், நம் ஊரின் பெயரே நமக்கு அந்நியமாய் ஒலிக்கும். 'முதலெழுத்து, கங்கை போல' என்று அந்த வரிசையின் இடப்பத்தியில் ஒரு சிறு குறிப்பு எழுதிவிட்டால், மறுமுறை பதிவு செய்யும் வேலை மிச்சமாகும்.

இனி, பெரியவரின் காட்சியில் நேர்ந்த பிழைக்குத் திரும்புவோம். எங்கள் தாளில் பதினான்காம் வரிசை பெரியவரின் முகம். அதற்குரிய வர்ணனை, அவர் முப்பதாண்டு நிலத்தடியில் உழைத்தவர் என்பது. பதினைந்தாம் வரிசை சுரங்கத் தொழிலாளரின் கல்லறைகள். அதற்குரிய வர்ணனையே மாண்டோரைப் பற்றியது. அம்மையார் இத்தாளைக் கொண்டு ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே படித்தார். ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையின் எண்ணே பெயராயிற்று. இதுவரை எல்லாம் ஒழுங்கு.

அதன்பின் எங்களுள் ஒருவர், ஒன்பதாம் வரிசைக்கு முன் ரயில் வண்டி ஒன்று போகும் காட்சி இருந்தால் அழகாயிருக்கும் என்று எண்ணினார். அதற்கு வர்ணனை வேண்டியதில்லை. ஆகவே குரல் தந்தவருக்கு அறிவிக்கவேண்டிய அவசியமில்லை எனக் கருதி, தொகுப்பாளரின் தாளில் மட்டும் புது வரிசையைச் செருகினார். கணினி அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, கீழுள்ள எண்களையெல்லாம் ஒவ்வொன்று கூட்டிவிட்டது. பெரியவர் பதினைந்து ஆனார். கல்லறைகள் பதினாறு ஆயின. அம்மையாரின் பதினைந்தாம் பதிவோ மாண்டோரைப் பற்றியதாகவே இருந்தது. தொகுப்பாளர் பதினைந்தைப் பதினைந்தோடு சேர்த்தார். அவர்மேல் என்ன குற்றம்?

ஒன்பதிலிருந்து கடைசிவரை எல்லா வர்ணனையும் ஒரு காட்சி முந்தியே ஒலித்தது. ஊர், தெரு, வீடு என்று வந்த காட்சிகளில் அது எவர் கண்ணையும் உறுத்தவில்லை. இறுதி வரிசைக்குக் குரற்பதிவு இல்லாமற் போனதைக் கண்ட தொகுப்பாளர், படம் மௌனமாக முடிவதே நம் கருத்துப்போலும் என்று விட்டுவிட்டார். அதுவே பிழையைக் கண்டுபிடிக்கக் கிடைத்த ஒரே தடயம். வரிசைகளின் தொகையும் குரற்பதிவுகளின் தொகையும் ஒன்றுதானா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால், பெரியவர் அவ்வாறு எழுந்து நிற்கவேண்டியிருந்திராது.

திரைத்தொழிலில் இதற்குப் பழைய மருந்து உண்டு. தாள் ஒருமுறை பலர் கைக்குப் போனபின் எண்கள் மாறலாகாது. புதிதாக ஒரு காட்சி சேர்ந்தால் அதற்கு 8அ என்று பெயர் தருவர். ஒன்பது ஒன்பதாகவே நிற்கும். ஒரு காட்சி நீங்கினால் எண்ணை விட்டுவைத்து, எதிரே 'நீக்கம்' என்று எழுதுவர். அடுத்த எண் முன்னே நகராது. வர்ணனை இல்லாத காட்சிக்கு வலப்பத்தியை வெறுமையாக விடாமல் ஒரு கோடு இடுவர். வெறுமை மறதியாகவும் இருக்கலாம்; கோடு போட்டால், இங்குப் பேச்சில்லை என்பது எழுதியவரின் எண்ணமே என்று தெரியும். எங்கள் ரயில் வண்டிக்கு 8அ என்று பெயரிட்டு எதிரே ஒரு கோடும் இட்டிருந்தால், அம்மையாரின் பழைய தாளும் தொகுப்பாளரின் புதிய தாளும் முரண்பட்டிருக்கமாட்டா.

தாளைத் தயாரிக்கும் விதத்திலும் ஒரு சொல். இரு பத்திகளையும் வெற்றிடம் விட்டுத் தட்டச்சு செய்து அமைப்பவர் உண்டு. ஒரு கணினியில் அது ஒழுங்காகத் தோன்றும். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லாமையால், வேறு எழுத்துரு உள்ள கணினியில் திறந்தவுடன் வலப்பக்க வரிகள் ஒன்றிரண்டு கீழே சரிந்து, அடுத்த காட்சிக்கு எதிரே போய் நிற்கும். சரிவு பக்கத்திற்குப் பக்கம் பெருகும். கோடிட்ட கட்டங்களாக அமைத்தால் காட்சியும் அதன் குரலும் ஒரே கட்ட வரிசையில் கட்டுண்டு கிடக்கும். எழுத்து பெருத்தாலும் சிறுத்தாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். அப்பொழுதும் பக்க எண் இரு கணினிகளில் வேறுபடலாம். ஆதலால் 'மூன்றாம் பக்கத்தில் நடுவே' என்று பேசிக்கொள்ளாமல், 'இருபத்துமூன்றாம் வரிசை' என்றே பேசிக்கொள்ளவேண்டும். வானொலியில் பேச்சைப் படிப்பவர் பக்கத்தின் கடைசி வாக்கியத்தை அப்பக்கத்திலேயே முடித்துக்கொள்வது வழக்கம். தாளைப் புரட்டும் ஒலி வாக்கியத்தின் நடுவே கேளாதிருப்பதற்காக. இங்கும் ஒரு வரிசை இரு பக்கங்களுக்குப் பிளவுபடாமல் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

இவ்வளவு கட்டுப்பாடும் எல்லாவற்றையும் காத்துவிடும் என்று கொள்ளவேண்டியதில்லை. குரல் எவ்விடத்தில் தழுதழுக்கவேண்டும், அருவியை ஆறு வினாடி காட்டுவதா எட்டு வினாடி காட்டுவதா என்பவற்றைத் தாள் சொல்லாது. அவை படிப்பவர், தொகுப்பவர் ஆகியோரின் மனத்திற்குரியவை. எந்தச் சொல் எந்த முகத்திற்குரியது என்பதை மட்டும் தாள் தவறாமல் சொல்லவேண்டும்.

எங்கள் படத்தைத் திருத்தினோம். ரயில் வண்டி 8அ ஆயிற்று. பதினான்காம் வரிசைக்குப் பதினான்காம் குரல் வந்து சேர்ந்தது. இரண்டாம் முறை காட்டியபோது பெரியவர் மீண்டும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் முகம் தோன்ற, முப்பதாண்டு நிலத்தடியில் உழைத்தவர் என்று குரல் சொல்லிற்று. பின்னர்க் கல்லறைகள் வந்தன. மாண்டோரைப் பற்றிக் குரல் சொல்லிற்று. பெரியவர் அப்பொழுது தலை குனிந்திருந்தார். அவர்களில் சிலர் அவரோடு ஒரே கூண்டில் சுரங்கத்தினுள் இறங்கியவர்கள் என்று அவர் மகள் பிறகு எங்களிடம் கூறினார்.